பாரிஸ் நேரத்திலேயே ஊர் திரும்பிய போன்: ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பல வருடம் டவர் பராமரிப்பில் இருந்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு பிரான்சில் ஒரு பிள்ளையோ மருமகளோ உண்டு. அக்டோபரில் போய் நவம்பரில் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் கோளாறுகளில் ஒன்றை இங்கே முழுதாக எழுதுகிறேன். போன் ஒரு டீச்சரம்மாவுடையது. பெயர் போடாமல் எழுத அவரே சம்மதித்தார்.

2025 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தார். முதல் நாள்தான் பாரிசிலிருந்து திரும்பியிருந்தார்.

"தம்பி, காலையில ஆறு மணிக்கு அடிக்கவேண்டிய அலாரம் பத்தரைக்கு அடிக்குது. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல போடணும். இன்னிக்கு இட்லி சாப்பிட்டு முடிச்ச பிறகு அடிக்குது. நேத்தும் அப்படித்தான், மரக்காணம் தாண்டி கார்ல வரும்போது அடிச்சுது. பயணக் களைப்புல ஏதோன்னு விட்டுட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். கடைச் சுவர்க் கடிகாரத்தில் மாலை 5.40. போனில் மதியம் 1.10. சரியாக நாலரை மணி நேரம் பின்னால். இப்படிச் சுத்தமான அரை மணிக் கணக்கில் தப்பு வந்தால் அது பேட்டரிக் கோளாறோ போர்டுக் கோளாறோ கிடையாது. பழுதான கடிகாரம் 3 மணி 47 நிமிடம் என்று கோணலாகத்தான் தப்பும். நாலரை என்பது குளிர்காலத்தில் நமக்கும் பாரிசுக்கும் உள்ள வித்தியாசம். போன் புதுச்சேரிக்கு வந்துவிட்டது, கடிகாரம் மட்டும் பாரிசிலேயே நின்றுவிட்டது.

கேபிள் மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து போனிடம் நாலு கேள்வி கேட்டேன்:

```
adb shell date -u +%H:%M
07:40
adb shell getprop persist.sys.timezone
Asia/Kolkata
adb shell settings get global auto_time
0
adb shell settings get global auto_time_zone
1
```

இந்த நாலு பதிலில் முழுக் கதையும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, போன் நேரத்தை எப்படி வைத்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

போனுக்குள் இருப்பது ஒரு நேரம் அல்ல, இரண்டு தகவல்

திரையில் தெரியும் மணி போனுக்குள் எங்கும் அப்படியே எழுதி வைக்கப்படவில்லை. உள்ளே ஓடுவது யுடிசி என்ற உலகப் பொது நேரம். இந்த நொடியில் அது புதுச்சேரியிலும் பாரிசிலும் துபாயிலும் ஒன்றேதான். இரண்டாவதாக, "இந்த போன் எந்த ஊர்க் கணக்கில் மணி காட்ட வேண்டும்" என்ற ஒரு பெயர் இருக்கும். நம் போன்களில் அது Asia/Kolkata. பொது நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டு என்று அதற்கு அர்த்தம். திரையில் தெரிவது இந்த இரண்டையும் கூட்டி வந்த விடை.

பொது நேரத்தை ஓட்டுவது போனுக்குள் இருக்கும் குட்டி குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிரும். மலிவான கைக்கடிகாரத்தில் இருப்பதும் இதுதான். பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடி போல நகர்ந்துவிடும். பேட்டரி முழுதாகச் செத்துப்போனால் சில போன்களில் தேதியே தொலைந்துவிடும். ஆகவே போன் அவ்வப்போது வெளியே யாரிடமாவது மணி கேட்டுத்தான் ஆக வேண்டும். அதை நெட்வொர்க்கிடம் கேட்பதற்குக் காரணம், இரண்டாவது தகவலும் அங்கே கிடைக்கிறது என்பதுதான். போன் இப்போது எந்த ஊர் டவரில் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும்.

இதற்கான வசதியின் பெயர் நிட்ஸ். 1996 வெளியீட்டில் ஜிஎஸ்எம் என்ற மொபைல் தரத்துக்குள் வந்தது. போன் ஒரு நெட்வொர்க்கில் பதிவாகும்போது, "உன்னைச் சேர்த்துக்கொண்டேன்" என்ற பதிலைத் தொடர்ந்து ஒரு சின்னச் செய்தி வரும். வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி எல்லாம் பொது நேரத்தில் இருக்கும். கூடவே நேர மண்டலத்துக்கு ஒரு எண். அந்த எண் கால் மணிக் கணக்கில் வரும். இந்தியாவுக்கு 22. இருபத்திரண்டு கால் மணி என்றால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். பிரான்சுக்குக் கோடையில் 8, குளிரில் 4. முழு மணிக் கணக்கு வைத்திருந்தால் நம் ஐந்தரையையும் நேபாளத்தின் ஐந்தே முக்காலையும் சொல்லியிருக்கவே முடியாது.

இந்தச் செய்தியை டவர் தானாக உண்டாக்குவதில்லை. பின்னால் இருக்கும் மைய நெட்வொர்க்கில், எந்தப் பகுதிக்கு எந்த எண் என்று ஆட்கள் எழுதி வைத்திருப்பார்கள். அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் தரத்தில் கிடையாது. பதிவாகாத போனுக்கு இந்தச் செய்தி வராது. ஏரோப்ளேன் மோடில் இருக்கும் போனுக்கு ரேடியோவே இல்லை, செய்தி எங்கிருந்து வரும்?

எண்ணோடு சேர்த்து நாட்டின் குறியீட்டையும் போன் பார்க்கும். டவர் ஒலிபரப்பும் மூன்று இலக்கம் அது. இந்தியாவுக்கு 404, 405. பிரான்சுக்கு 208. நாட்டையும் எண்ணையும் சேர்த்துத்தான் Europe/Paris என்ற பெயருக்கு போன் வந்து சேர்கிறது. இந்தியா போல ஒரே நேர மண்டலம் உள்ள நாட்டில் இது சுலபம். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று பெயர் பொருந்தும், அங்கே தடுமாற்றம் வரும்.

ராமேஸ்வரம் போனவர்கள் இதில் ஒரு சந்தேகம் கேட்பார்கள். தனுஷ்கோடியில் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் எல்லாம் வருகிறதே, மணி மட்டும் ஏன் மாறவில்லை என்று. இலங்கையும் 2006 முதல் நம்மைப் போல ஐந்தரைதான். போன் நாடு மாறிவிட்டதாக நினைக்கும், அந்த நாட்டுக்கும் அதே 22.

பாரிசில் நடந்தது

டீச்சரம்மாவிடம் தேதி தேதியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். மறந்ததை போட்டோக்களின் கோப்புப் பெயர்கள் சொன்னது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் திரையில் தெரியும் நேரத்தையே பெயராக வைக்கிறது. கடிகாரத்தில் யார் எப்போது கை வைத்தார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்ததில்லை.

அக்டோபர் 12 அன்று பாரிசில் இறங்கினார். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து மகன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "அம்மா, ஏரோப்ளேன் மோடை எடுக்கவே எடுக்காதீங்க, வீட்டு வைஃபை மட்டும் போட்டுக்குங்க." கட்டணத்தைப் பொறுத்தவரை நல்ல யோசனைதான். ஆனால் அதோடு நிட்ஸ் வரும் வழி அடைபட்டது. வைஃபை வழியாக போன் இணையத்தில் மணி கேட்கும். அங்கே கிடைப்பது பொது நேரம் மட்டும். நொடி சுத்தமாக வரும், ஊர் வராது. ஆகவே டீச்சரம்மாவின் போன் மிகச் சரியான இந்திய நேரத்தைப் பாரிசில் காட்டிக்கொண்டிருந்தது. 13ஆம் தேதி மதியச் சாப்பாட்டில் எடுத்த படத்தின் பெயர் `IMG_20251013_163012.jpg`. மேசையில் தட்டு, ஜன்னலில் நல்ல வெயில், பெயரில் மாலை நாலரை. அங்கே அப்போது மணி ஒன்று.

அன்று விடிகாலை இரண்டரைக்கே ஆறு மணி அலாரம் அடித்து வீட்டையே எழுப்பியிருந்தது. சாயங்காலம் பேரன் போனை வாங்கினான். பதினான்கு வயது. தேதி-நேரம் பக்கத்துக்குப் போய், தானாக நேரம் எடுக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு, மணியை மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினான். திரையில் பாரிஸ் நேரம் வந்தது. அடுத்த நாள் அலாரம் சரியாக ஆறுக்கு அடித்தது. எல்லோருக்கும் திருப்தி.

தவறு இங்கேதான். மாற்ற வேண்டியது ஊரின் பெயர். அவன் மாற்றியது மணி. ஊர் Asia/Kolkata என்றே இருந்தது. இந்திய ஊரை வைத்துக்கொண்டு பாரிஸ் மணி காட்ட வேண்டுமானால் போனுக்கு ஒரே வழிதான் உண்டு: உள்ளே ஓடும் பொது நேரத்தையே மூன்றரை மணி நேரம் பின்னுக்கு இழுப்பது. அதாவது, உலகம் முழுக்க ஒன்றாக இருக்கவேண்டிய நேரம் அந்த ஒரு போனில் மட்டும் தப்பாகிப் போனது.

அக்டோபர் 26 ஞாயிறு அதிகாலை பிரான்சில் கோடைக்கால நேரம் முடிந்தது. மூன்று மணி ஆகும்போது கடிகாரம் இரண்டுக்குத் திரும்பும். Europe/Paris என்று வைத்திருந்த போன்கள் எல்லாம் தாமாகத் திரும்பின. அந்த விதி போனுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. டீச்சரம்மா போன் திரும்பவில்லை. இந்தியாவில் கோடை நேரம் என்று ஒன்று இல்லையே. பேரன் மறுபடி ஒரு மணி நேரம் தள்ளினான். பொது நேரம் இப்போது நாலரை மணி நேரம் பின்னால். கடையில் 12:10 என்று வரவேண்டிய முதல் பதில் 07:40 என்று வந்தது இதனால்தான்.

காலண்டர் சொன்னதை யாரும் கேட்கவில்லை

இந்த வழக்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட இடம் இது.

திரும்பும் விமானம் நவம்பர் 2, பாரிசில் காலை 10.30. மகன் அதைத் தன் போனில் காலண்டரில் போட்டு அம்மாவுக்கும் பகிர்ந்திருந்தார். நாலு மணி நேரம் முன்னால் நினைவூட்டல். அம்மாவின் போனில் அது மதியம் 3.00 என்று தெரிந்தது. "போன்ல மூணு மணின்னு காட்டுதேடா" என்று கேட்டிருக்கிறார். மகன் டிக்கெட்டைப் பார்த்து, "காலண்டர் ஏதோ உளறுதும்மா, பத்தரைதான்" என்று சொல்லிவிட்டார்.

காலண்டர் உளறவில்லை. பாரிஸ் 10.30 என்பது பொது நேரத்தில் 9.30. அம்மாவின் போனில் ஊர் இந்தியா, ஐந்தரையைக் கூட்டினால் 3.00. அது சொன்னது சரியான இந்திய நேரம். பக்கத்தில் கடிகாரம் பாரிஸ் நேரம் காட்டிக்கொண்டிருந்ததால்தான் அது தப்பாகத் தெரிந்தது. வீட்டில் மகன் இல்லாமல், அந்தத் திரையை மட்டும் நம்பி ஒருவர் கிளம்பியிருந்தால், பகல் பன்னிரண்டு மணிக்கு விமான நிலையம் போய் நின்றிருப்பார்.

நினைவூட்டலின் கணக்கு இன்னும் மோசம். அது பொது நேரம் 5.30க்கு அடிக்க வேண்டும், பாரிசில் காலை 6.30. ஆனால் இந்த போனின் பொது நேரம் நாலரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போன் தன் கணக்கில் 5.30ஐத் தொடும்போது உண்மையான பொது நேரம் 10.00, பாரிசில் 11.00. விமானம் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே, "டீச்சர், ப்ளேன் கிளம்பினப்புறம் ஏதாவது அடிச்சுதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா தம்பி! பெல்ட்டு போட்டு உக்காந்திருக்கேன், பிளைட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம்னு வந்துது. பக்கத்துல இருந்த அம்மா சிரிச்சாங்க."

அலாரம் சரியாக அடித்ததே, நினைவூட்டல் மட்டும் ஏன் தப்பியது என்று கேட்கலாம். இரண்டும் வேறு வேறு ஜாதி. அலாரம் திரையில் 6.00 என்று தெரிந்தால் அடிக்கும், உள்ளே என்ன ஓடுகிறது என்ற கவலை அதற்கு இல்லை. காலண்டர் நிகழ்வு ஒரு குறிப்பிட்ட கணத்தோடு கட்டப்பட்டது. மணியைக் கையால் தள்ளினால் அலாரம் ஒத்துப்போய்விடும். அதனால்தான் தப்பு மூன்று வாரம் மறைந்தே கிடந்தது.

இன்னொரு அடையாளமும் அவர் கண்ணில் பட்டுத்தான் இருந்தது. இப்போதுதான் வந்த வாட்ஸ்அப் செய்தியில், திரையின் மேலே இருக்கும் மணியைவிட நாலரை மணி நேரம் பிந்திய நேரம். வரும் செய்திக்கு நேரம் போடுவது சர்வர், அது பொது நேரத்தில் போடுகிறது, போன் இந்தியக் கணக்கில் காட்டுகிறது. இனிமேல் வரவேண்டிய நேரத்தில் இப்போதே செய்தி வந்ததாகத் தெரிந்தால் போனின் பொது நேரம் பின்னால் ஓடுகிறது என்று அடித்துச் சொல்லலாம்.

நாலரை மணி நேரப் பிசகு பெரும்பாலான இணையதளங்களைத் தடுக்காது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செல்லும். தேதியே அந்த அளவுக்குத் தப்பினால்தான் பக்கங்கள் திறக்க மறுக்கும். ஆனால் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைத் தரும் ஆப் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே இடிக்கும். நாலரை மணி நேரம் என்றால் அந்த எண் 540 முறை மாறியிருக்கும். டீச்சரம்மாவிடம் அந்த ஆப் இல்லை. இருந்திருந்தால் பாரிசிலேயே பிடிபட்டிருக்கும்.

சென்னையில் இறங்கியும் ஏன் சரியாகவில்லை

நவம்பர் 3 காலை சென்னையில் ஏரோப்ளேன் மோடை எடுத்தார். சிம் பதிவானது. சரியான பொது நேரமும் 22 என்ற எண்ணும் நெட்வொர்க்கிலிருந்து வந்திருக்கும். போன் என்ன செய்தது என்பதற்குத்தான் மேலே இருக்கும் கடைசி இரண்டு பதில்கள். `auto_time_zone` 1, அதாவது ஊரை வாங்கிக்கொள்ளும் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. ஊரை வாங்கிக்கொண்டது, ஆனால் அது ஏற்கெனவே Asia/Kolkata, மாற்ற ஒன்றுமில்லை. `auto_time` 0. மணியை வாங்கும் சுவிட்ச் பேரன் அணைத்தபடியே கிடந்தது. வந்த மணியை போன் ஒதுக்கிவிட்டது. கையால் வைத்த நேரத்தை மதிப்பது போனின் கடமை, அதில் பிழை சொல்ல முடியாது.

சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சுவிட்சைப் போட்டேன், 1.14 என்றிருந்த மணி 5.44க்குத் தாவியது. `date -u` மறுபடி கேட்டேன், 12:14. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரையைக் கழித்துப் பார்த்தேன், ஒத்துவந்தது. கேபிள் இல்லாதவர்கள் பிரவுசரில் `time.is` திறந்தால் போதும், போன் எவ்வளவு தப்பு என்று அது சொல்லிவிடும். திரையில் மணி சரியாகத் தெரியும்போதே அந்தப் பக்கம் மணிக்கணக்கில் தப்பு என்று சொன்னால் அது இதே கோளாறுதான்.

மணியைக் கையால் நாலரை மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தாலும் இப்போதைக்குச் சரியாகியிருக்கும். ஆனால் சுவிட்ச் அணைந்தே இருக்கும், படிகம் தன் போக்கில் நகரும், அடுத்த பயணத்தில் மறுபடி ஆரம்பிக்கும்.

அங்கே செய்திருக்க வேண்டியது

ஏரோப்ளேன் மோடிலேயே இருப்பதானால், நேரச் சுவிட்சைத் தொடக்கூடாது. நேர மண்டலச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, ஊர்ப் பட்டியலில் பாரிஸ் என்று தேர்வு செய்ய வேண்டும். வெறும் கூட்டல் இரண்டு என்று எண்ணைத் தேர்வு செய்தால் அக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடி மாட்டிக்கொள்வார்கள். ஊர்ப் பெயரோடுதான் கோடை நேர விதி கூட வருகிறது. திரும்பி வந்ததும் அந்த ஒரு சுவிட்சைப் போட்டுவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு வந்த பல போன்களில் இருப்பிடத்தை வைத்தே நேர மண்டலம் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. ஐபோனிலும் இருப்பிடச் சேவையில் அப்படி ஒன்று இருக்கிறது. லொகேஷன் போட்டிருந்தால் இவை வைஃபையிலேயே ஊரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். டீச்சரம்மாவுடையது ஆண்ட்ராய்டு 11, லொகேஷனும் அணைத்து வைத்திருந்தார்.

ரோமிங் போட்டவர்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை, இறங்கியதும் போன் தானாக மாறும். அப்படி மாறாமல் போனால் அல்லது தப்பாக மாறினால், பக்கத்தில் வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவர் போனைப் பாருங்கள். ஒரே கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி தப்பினால், மைய நெட்வொர்க்கில் யாரோ எண்ணை மாற்ற மறந்திருக்கிறார்கள். கோடை நேரம் மாறும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெரும்பாலும் இப்படி நடக்கும். அப்போதும் வழி அதேதான், ஊரைக் கையால் வைப்பது.

டீச்சரம்மாவுக்கு பில்லின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: "மணியைத் தொடாதே. ஊரை மாற்று." பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார். பேரனுக்கும் அதைப் படம் பிடித்து அனுப்பினார். மாத்திரை நேரம் இரண்டு நாளாகக் குழம்பியதை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன், அது என் வேலை இல்லை என்றாலும்.

மறுநாள் காலை எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. "ஆறு மணிக்கு அடிச்சுது தம்பி. மாத்திரை போட்டாச்சு. இப்பதான் காபி." செய்தியின் ஓரத்தில் 6.36.